திரையில் 100, கணக்கில் 102.05: பங்கு வாங்கும் ஆர்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்கு வாங்கும் திரையில் பெரிய எழுத்தில் தெரியும் எண்ணையே பங்கின் விலை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை. அந்த வியாபாரம் முடிந்துபோனது. இப்போது நீங்கள் வாங்க வேண்டுமென்றால், விற்கக் காத்திருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள், அந்த விலையில் எத்தனை பங்குகள் வைத்திருக்கிறார்கள் என்ற இரண்டும்தான் கணக்கு. மார்க்கெட் டெப்த் என்ற பகுதியைத் திறந்தால் இரண்டும் தெரியும். முதல் தவறு, அதைத் திறக்காமலேயே மார்க்கெட் ஆர்டர் போடுவது.

அதிகம் கைமாறாத ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். கடைசி விலை 100. விற்பனைப் பக்கத்தில் 100.40க்கு 150 பங்குகள், 100.90க்கு 200, 102க்கு 250, 104.50க்கு 400 நிற்கின்றன. ஒருவருக்கு 800 பங்குகள் வேண்டும். 80,000 ஆகும் என்று நினைத்து மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். மார்க்கெட் ஆர்டர் என்றால் ‘எந்த விலையானாலும் சரி, உடனே கொடு’ என்று பொருள். அதனால் அது 100.40ல் இருக்கும் 150ஐயும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. 100.90ல் 200, 102ல் 250, மிச்சம் 200க்கு 104.50 வரை போகிறது. மொத்தம் 81,640. சராசரி 102.05.

கூடுதலாகப் போன 1,640 இரண்டு காரணங்களால் வந்தது. கடைசி விலைக்கும் விற்பவர் கேட்ட முதல் விலைக்கும் இருந்த 40 காசு இடைவெளிக்கு 320 போனது. மீதி 1,320, அவருடைய ஆர்டர் அந்தப் பங்கில் நின்ற சரக்கைவிடப் பெரிதாக இருந்ததால் வந்தது. விலையை ஏற்றியது வேறு யாருமல்ல, அவருடைய ஆர்டரே. சற்று நேரத்தில் புதிய விற்பனையாளர்கள் வந்து விலை மறுபடி 100.50 பக்கம் இறங்கினால், வாங்கிய நிமிடத்திலேயே கணக்கு நஷ்டத்தில் நிற்கும். தரகர் தரும் பில்லில் இந்தச் செலவு எங்கும் தனி வரியாகக் காட்டப்படுவதில்லை. அதனால்தான் தரகுக் கட்டணத்தைக் காசு காசாக ஒப்பிடுபவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

இதே மனிதர் 101க்கு லிமிட் ஆர்டர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 101 என்பது அவர் கொடுக்கத் தயாரான உச்ச விலை. ஆர்டர் 100.40ல் 150ஐயும் 100.90ல் 200ஐயும் அந்தந்த விலைக்கே வாங்கிவிட்டு நிற்கும். 350 பங்குகள், சராசரி சுமார் 100.69. லிமிட் 101 என்று எழுதியதால் எல்லாவற்றுக்கும் 101 பிடிப்பார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படியில்லை. ஏற்கெனவே காத்திருக்கும் ஆர்டரின் விலைதான் வியாபாரத்தின் விலை.

அதே விதி மிச்சமுள்ள 450 பங்குகளுக்குத் தலைகீழாக வேலை செய்யும். இப்போது காத்திருப்பது இவருடைய ஆர்டர். 100.60க்கு விற்கத் தயாராக ஒருவர் வந்தாலும், 101 கொடுக்க ஆள் நிற்பதால் வியாபாரம் 101ல் நடக்கும். அவசரமில்லை என்றால் மிச்சத்தின் விலையை 100.40 பக்கம் இறக்கிவிட்டுக் காத்திருப்பதே நல்லது. விற்பனைப் பக்கம் மறுபடி நிரம்ப நேரம் கொடுத்து, சிறு சிறு பகுதியாக வாங்குவதும் இதற்குத்தான். ஒவ்வோர் ஆர்டருக்கும் உங்கள் தரகர் குறைந்தபட்சக் கட்டணம் வாங்கினால் மட்டும் எத்தனை பகுதி என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

லிமிட் ஆர்டர் என்ற பெயரே பாதுகாப்பு தந்துவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. ‘எப்படியும் கிடைத்துவிட வேண்டும்’ என்று 105க்கு லிமிட் போட்டால், மேலே சொன்ன உதாரணத்தில் 81,640தான் செலவாகும். மார்க்கெட் ஆர்டர் போட்டதற்கும் அதற்கும் ஒரு காசு வித்தியாசமில்லை. லிமிட் விலையை விற்பனைப் பக்கத்தைப் பார்த்து எழுத வேண்டும். எந்த விலைப் படிக்கு ஏற நீங்கள் தயாராக இல்லையோ, அதற்குக் கீழே.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. திரையில் கடைசி விலை 100 என்று இருப்பதால் 100க்கே லிமிட் போட்டுவிட்டு, ஏன் கிடைக்கவில்லை என்று காத்திருப்பார்கள். விற்பவர் 100.40லிருந்து 100க்கு இறங்காதவரை அது நிறைவேறாது. பிறகு விலை 103க்குப் போனதும் பொறுமை போய் மார்க்கெட் ஆர்டர் போடுவார்கள். 40 காசு மிச்சம் பிடிக்கப் போய், பங்குக்குக் குறைந்தது 2.60 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது, பலரும் பேசாதது. சந்தை விலைக்குக் கீழே போட்டுக் காத்திருக்கும் லிமிட் ஆர்டர், விலை விழும்போதுதான் நிறைவேறும். நல்ல செய்தி வந்தால் பங்கு உங்களைத் தொடாமல் ஏறிவிடும். கெட்ட செய்தி வந்தால், நீங்கள் 97க்குப் போட்டிருந்தால், அதைத் தாண்டி 92க்குப் போகும், போகிற வழியில் உங்களுக்கு 97க்குக் கொடுத்துவிட்டு. அதனால் நிறுவனத்தின் காலாண்டு முடிவு வரும் நாளில் பழைய லிமிட் ஆர்டரை மறந்து விட்டுவைக்காதீர்கள். பல நாள் செல்லுபடியாகும் ஆர்டராக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நேரம் பார்க்காமல் மார்க்கெட் ஆர்டர் போடுவதும் செலவு வைக்கும். சந்தை மூடிய பிறகு இரவில் போட்டால், அது மறுநாள் தொடக்கத்தில் கிடைக்கும் விலைக்கு நிறைவேறும். நேற்றைய முடிவு விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். திறந்த முதல் சில நிமிடங்களில் காத்திருக்கும் ஆர்டர்கள் குறைவு, வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடைவெளி அகலம்.

காத்திருக்கும் ஆர்டர்கள் முற்றிலும் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் நடந்தது சாட்சி. சில நிமிடங்களில் நிஜமான ஆர்டர்கள் பெருமளவு திரும்பப் பெறப்பட்டன. மிஞ்சியவை, பேருக்காக வைக்கப்பட்ட விலைகள். மார்க்கெட் ஆர்டர்கள் அவற்றின்மேல் போய் மோதியதில் சில பங்குகள் ஒரு சென்ட்டுக்கும், சில 1,00,000 டாலருக்கும் கைமாறின. பிறகு, சரிவுக்கு முந்தைய விலையிலிருந்து 60 சதவீதமோ அதற்கு மேலோ விலகிய வியாபாரங்களை ரத்து செய்தார்கள். அந்த அளவை எட்டாதவை அப்படியே நின்றன. இன்று பல சந்தைகளில் விலை வரம்புகள் இருக்கின்றன என்றாலும், அந்த வரம்புக்குள்ளேயே நிறைய இழக்க இடமிருக்கிறது.

மார்க்கெட் ஆர்டரே கூடாது என்று சொல்ல மாட்டேன். முதல் படியிலேயே பல்லாயிரம் பங்குகள் நிற்கும் பெரிய நிறுவனத்தில் 20 பங்கு வாங்க, இடைவெளி 5 காசுதான் என்றால், எதைப் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே லிமிட் போட்டு 5 காசுக்காக அரை நாள் காத்திருப்பது வீண்.

உங்கள் ஆர்டர் எந்த வகையில் சேர்ந்தது என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆர்டர் போடும் முன் விற்பனைப் பக்கத்தின் முதல் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறைவேறியதும் டிரேட் புக்கில் உள்ள சராசரி விலையை அதோடு ஒப்பிடுங்கள். ஒரே ஆர்டர் நான்கைந்து வெவ்வேறு விலைகளில் துண்டு துண்டாக நிறைவேறி, பின்னால் வந்த துண்டுகளின் விலை ஏறிக்கொண்டே போயிருந்தால், அளவு அந்தப் பங்குக்கு அதிகமாகிவிட்டது. அடுத்த முறை முதல் இரண்டு படிகளில் நிற்கும் பங்குகளுக்குள் அளவைச் சுருக்கி, இரண்டாவது படியின் விலையையே லிமிட்டாக எழுதுங்கள்.