ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது? ஒரே ட்ரேடில் மூன்று கணக்கு

விலை இவ்வளவு இறங்கினால் நஷ்டத்தோடு விற்று வெளியேறிவிடுவேன் என்று முன்பே குறித்து வைக்கும் விலைதான் ஸ்டாப். புதிதாக ட்ரேட் செய்பவரிடம் "ஸ்டாப் எங்கே?" என்று கேட்டால், "மூணு பர்சன்ட்" என்று சட்டென்று பதில் வரும். ஏன் மூன்று என்றால் பதில் இருக்காது. நானும் முதல் வருடம் முழுக்க எல்லாப் பங்குக்கும் 2% தான் வைத்தேன். ஸ்டாப் அடித்து வெளியே வந்தபின், அதே பங்கு மறுநாள் ஏறுவதைப் பார்த்து வயிறெரிந்த நாட்கள் நிறைய.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். சில நாட்கள் வைத்திருந்து விற்கும் எண்ணத்தில் 520 ரூபாய்க்கு வாங்குகிறோம். கடைசியாக விலை இறங்கித் திரும்பிய இடம், அதாவது ஸ்விங் லோ, 498. இந்த ட்ரேடில் அதிகபட்சம் 2,000 ரூபாய் போனால் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

படி 1: சார்ட்டைப் பார்த்து வைக்கும் ஸ்டாப்

498-ல் வாங்க ஆள் இருந்தார்கள் என்பதுதான் நாம் வாங்கியதற்கே காரணம். அது உடைந்தால் காரணமும் போயிற்று, வெளியேற வேண்டியதுதான். ஆனால் சரியாக 498-ல் வைக்காதீர்கள். அந்த லோ எல்லார் கண்ணிலும் படுவதால் அதை ஒட்டியே நிறைய ஸ்டாப்கள் கிடக்கும். விலை 497 வரை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது சகஜம். அதனால் கொஞ்சம் இடம் விட்டு 495.

இதில் சிக்கல் என்னவென்றால், எது ஸ்விங் லோ என்பதில் ஆளுக்கொரு கருத்து. வாங்கிய பிறகு, "அது இல்லை, அதற்குக் கீழே இருப்பதுதான் உண்மையான சப்போர்ட்" என்று மனம் கதை கட்டும். வாங்கும் முன்பே எண்ணை எழுதி வைத்துவிடுங்கள்.

படி 2: ஏற்ற இறக்கத்தை அளந்து வைக்கும் ஸ்டாப்

சார்ட்டில் `ATR` என்ற இண்டிகேட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978-ல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய அளவு இது. ஒரு பங்கு சராசரியாக ஒரு நாளில் எத்தனை ரூபாய் ஆடுகிறது என்று சொல்லும். முந்தைய நாள் முடிவிலிருந்து தாவித் திறந்தால் அந்த இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பு 14 நாள்.

நம் பங்கில் அது 11 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலரும் இரண்டு மடங்கு எடுப்பார்கள்: 520 − 22 = 498. கவனித்தீர்களா, கூட்டம் கூடும் அதே ஸ்விங் லோவில் வந்து நிற்கிறது! இந்தக் கணக்குக்குப் பங்கின் ஆட்டம் தெரியும், சப்போர்ட் தெரியாது. இன்னொன்று, சந்தை பதறும்போது ஏடிஆர் பெருகும். அப்போது ஸ்டாப்பையும் கீழே இறக்கத் தோன்றும். இறக்கக் கூடாது, வாங்கிய அன்று இருந்த எண்தான் கணக்கு.

படி 3: நிலையான சதவீதம்

3% என்றால் 504.40. சார்ட்டே பார்க்க வேண்டாம், மனம் கதை கட்டவும் வழியில்லை. ஆனால் 520-லேயே விற்கும் வேறொரு பங்கின் ஏடிஆர் 26 என்றால், அதே 15.60 ரூபாயை ஒரு சாதாரண நாளின் ஆட்டமே தாண்டிவிடும்.

படி 4: குவான்டிட்டி

```
குவான்டிட்டி = 2000 / (520 − ஸ்டாப்), பின்னத்தை விட்டுவிட்டு
495    → 80
498    → 90
504.40 → 128
```

மூன்றிலும் ஸ்டாப் விலையிலேயே விற்பனை நடந்தால் நஷ்டம் 2,000-ஐத் தாண்டாது. "நெருக்கமான ஸ்டாப், அதனால் ரிஸ்க் கம்மி" என்பது இங்கேதான் பொய்யாகிறது. இரவில் மோசமான செய்தி வந்து, காலையில் பங்கு 488-ல் திறக்கிறது என்று வையுங்கள். பங்குக்கு 32 ரூபாய் அடி. 80 பங்கு வைத்திருந்தவருக்கு 2,560 போகும். 128 வைத்திருந்தவருக்கு 4,096. நெருக்கமாக வைத்தவருக்குத்தான் பெரிய அடி.

அகலமான ஸ்டாப்புக்கும் விலை உண்டு. 25 ரூபாய் ரிஸ்குக்கு இரண்டு மடங்கு லாபம் வேண்டுமென்றால் விலை 570-க்குப் போக வேண்டும், 15.60-க்கு 551.20 போதும். நடுவில் 550-ல் ஒரு பழைய உச்சி தடுத்து நின்றால், அந்த ட்ரேடையே நான் விட்டுவிடுவேன்.

நான் செய்வது

ஸ்டாப்பைச் சார்ட் பார்த்து வைக்கிறேன், ஏடிஆரால் சரிபார்க்கிறேன். லோவுக்குக் கீழே விடும் இடம் ஏடிஆரில் கால் பங்கு. நம் கணக்கில் 2.75, அதனால்தான் 495. என்ட்ரிக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள தூரம் ஒரு ஏடிஆருக்குக் குறைவாக இருந்தால் தினசரி ஆட்டத்திலேயே அடிபடும். மூன்றுக்கு மேல் போனால் தாமதமாக வாங்குகிறேன் என்று அர்த்தம். இந்த இரண்டு நிலையிலும் ட்ரேட் இல்லை. சதவீதத்தை, சார்ட் பார்க்க நேரமில்லாத நாளில் மட்டும் எடுப்பேன்.

அப்புறம், ஆர்டர் போடும்போது ஒன்று. `SL` வகையில் ட்ரிகர் 495, லிமிட் 493 என்று கொடுத்திருந்து பங்கு 488-ல் திறந்தால், ஆர்டர் உயிர்பெறும், ஆனால் 493-க்குக் கீழே விற்காது. விலை திரும்பி ஏறாவிட்டால் பங்கு உங்கள் கையிலேயே இருக்கும். காலையில் தாவித் திறந்தது தெரிந்ததும் ஆர்டர் புக்கைத் திறந்து, அது இன்னும் நிலுவையில் இருந்தால் மார்க்கெட் ஆர்டராக மாற்றிவிடுங்கள்.