டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் டயர் காற்றில் செய்யக்கூடாதவை

வெளியில் சிஎன்ஜி கிட் மாட்டிய வண்டி அலைன்மென்ட்டுக்கு வந்தால் நான் முதலில் ஸ்டீயரிங்கைப் பார்ப்பதில்லை, பின் டயரைத்தான் தடவிப் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கும். இல்லையென்றால் ஓரமெல்லாம் புதிதாக இருக்க நடு மட்டும் மொட்டையாக இருக்கும். முதல் ரகம் சிலிண்டரை மறந்தவர், இரண்டாவது ரகம் சிலிண்டரை நினைத்து நினைத்துக் காற்றை ஏற்றியவர். கிட் மாட்டிய புதிதில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்ததுதான். மாதாமாதம் காற்று பாருங்கள், வால்வு மூடியைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எடை தெரியாமல் காற்று பிடிப்பது

"சிலிண்டர் எவ்வளவு கனம்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "பத்து கிலோ" என்பார்கள். அது உள்ளே அடைக்கும் காஸின் கணக்கு. சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள், அதைத் தாங்க இரும்புச் சுவர் தடிமனாக இருந்தே ஆக வேண்டும். கார்களில் சாதாரணமாக மாட்டும் 60 லிட்டர் இரும்பு சிலிண்டர் காலியாகவே 55 கிலோவுக்கு மேலே கீழே வரும். ஸ்டெப்னி குழியில் உட்காரும் எல்பிஜி டேங்கோடு இதை ஒப்பிடாதீர்கள். எல்பிஜியின் அழுத்தம் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அதனால் அந்த டேங்கின் தகடு மெல்லியது, எடையும் மிகக் குறைவு.

சரியான எடை சிலிண்டரின் கழுத்துப் பக்கத்திலேயே அடித்திருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் லிட்டர் அளவு, சோதனை செய்த தேதி இவற்றோடு காலி எடையும் இருக்கும். அது 57 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தாங்கும் சட்டம், வால்வு, குழாய் எல்லாம் சேர்த்து ஒரு 9 கிலோ, காஸ் 9 கிலோ, ஆக 75 கிலோ. ஒரு பெரிய ஆள் டிக்கியில் ஏறி, இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம். பின் சீட்டில் இருப்பவர் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறார், அவர் எடையில் ஒரு பங்கு முன் சக்கரத்துக்குப் போய்விடும். சிலிண்டர் பெரும்பாலும் பின் அச்சுக்கு மேலேயோ அதைத் தாண்டியோ இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு நடுவே 245 செ.மீ. உள்ள வண்டியில், சிலிண்டரின் நடு பின் அச்சைத் தாண்டி 30 செ.மீ. தள்ளி இருந்தால், பின் சக்கரங்களில் விழுவது 75 இல்லை, சுமார் 84 கிலோ. முன் சக்கரங்களில் 9 கிலோ குறைகிறது.

பெட்ரோல் வண்டியின் ஸ்டிக்கரை அப்படியே நம்புவது

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் இரண்டு வரிசை உண்டு, குறைந்த சுமைக்கு ஒன்று, முழு சுமைக்கு ஒன்று. கம்பெனியிலேயே சிஎன்ஜியோடு வந்த வண்டி என்றால் சிலிண்டர் எடையைச் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் "சிலிண்டர் இருக்கே" என்று நீங்கள் இன்னொரு மூன்று ஏற்ற வேண்டியதில்லை.

வெளியில் மாட்டியதென்றால் ஸ்டிக்கருக்கு சிலிண்டர் இருப்பதே தெரியாது. அப்போது முதலில் செய்ய வேண்டியது, அதே மாடல் கம்பெனி சிஎன்ஜியாகவும் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால், டயர் அளவும் ஒன்றாக இருந்தால், அந்த வண்டியின் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். டாக்சி ஸ்டாண்டில் கேட்டால் யாராவது காட்டுவார்கள். அதைவிட நல்ல கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

அப்படி வராத மாடலுக்கு நான் செய்வது இது. ஸ்டிக்கரில் சாதாரண சுமைக்கு நாலு டயருக்கும் 33, முழு சுமைக்குப் பின்னால் மட்டும் 38 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகவோ முன் சீட்டில் ஒருவரோடோ ஓட்டுபவருக்குப் பின்னால் 35 அல்லது 36. பின் சீட்டில் ஆள் ஏறுவது வழக்கம் என்றால், டாக்சி என்றால் கண்டிப்பாக, பின்னால் 38. முன்னால் 33 அப்படியே இருக்கட்டும். அங்கே குறைந்தது வெறும் 9 கிலோ, அதற்காகக் காற்றை இறக்கினால் பிரேக் அடிக்கும்போது முன் டயர்தான் அவதிப்படும்.

தொங்கும் பின்பக்கத்தைக் காற்றால் தூக்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். கிட் மாட்டிய சில நாளில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், ஸ்பீட் பிரேக்கரில் "டொக்" என்று ஒரு சத்தம் வரும். உடனே யாராவது ஒருவர் "பின்னாடி 45 வை, தூக்கிக்கும்" என்பார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள்.

கால் டாக்சி ஓட்டும் ஒரு தம்பி அப்படித்தான் வந்தான். பின்னால் 45, முன்னால் 28. முன்பக்கம் லேசாகிவிட்டதாம், அதனால் குறைத்தானாம். பின் டயர் இரண்டும் கிட்டோடு சேர்த்துப் புதிதாகப் போட்டது. ஆழம் பார்க்கும் கேஜை வைத்தால் ஓரத்துப் பட்டனில் 6 மில்லிமீட்டர் இருக்கிறது, நடுவில் 2 சொச்சம். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் டயரை மாற்றியாக வேண்டும். அதாவது ஓரத்தில் அவ்வளவு ரப்பரை வைத்துக்கொண்டு டயரைத் தூக்கிப் போடப் போகிறான். "ஆனா மைலேஜ் கூடியிருக்குண்ணே" என்றான். அந்த மைலேஜ் மிச்சம் இரண்டு டயருக்குக் காணாது.

வாதாடிப் பயனில்லை என்று டேப்பை எடுத்தேன். பின் சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் 34.5 செ.மீ. கடையில் கிட் இல்லாத அதே மாடல் ஒன்று நின்றிருந்தது, அதில் 37. "இப்ப நீயே காத்த 38க்கு இறக்கு" என்றேன். இறக்கினான், திரும்ப அளந்தான், அதே 34.5. ஒரு நூல்கூட மாறவில்லை. ஏன் மாறும்? அந்த அளவு சக்கர நடுவுக்கும் பாடிக்கும் இடையிலானது, அங்கே இருப்பது ஸ்பிரிங். டயரில் எவ்வளவு காற்று இருந்தாலும் ஸ்பிரிங்குக்கு அது தெரியப் போவதில்லை. தரையிலிருந்து அளந்தால் மட்டும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அந்த மூன்று மில்லிமீட்டருக்காக டயரின் நடு மட்டும் தரையைத் தொடும்படி செய்து வைத்திருக்கிறோம்.

டயர் தேய்வது பணத்தோடு போய்விடும், ஈர ரோட்டில் நடப்பதுதான் மோசம். தரையைப் பிடிக்கும் பரப்பு பின்னால் சுருங்கிவிட்டது, முன்னால் 28இல் டயர் சப்பையாக இருக்கிறது, பின்னால் 75 கிலோ அச்சுக்கு வெளியே தொங்குகிறது. மழையில் பாலத்து வளைவில் திடீரென்று காலை எடுத்தாலோ பிரேக்கைத் தொட்டாலோ பின்பக்கம் வெளியே இழுக்கும். தம்பியிடம் கேட்டேன், "மழையில பின்னாடி ஆட்டுதா?" கொஞ்சம் யோசித்து, "ரோடு சரியில்லண்ணே" என்றான்.

சரி, தொங்கினால் என்ன செய்வது? ஸ்பிரிங்கைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே களைத்திருக்கும், அதன் மேல் சிலிண்டர் ஏறியதும் ரப்பர் ஸ்டாப்பரில் போய் இடிக்கிறது, அந்த "டொக்" அதுதான். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். கம்பெனி சிஎன்ஜி வண்டிக்குப் பின் ஸ்பிரிங் வேறாக இருந்தால் அது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்ட்ஸ் கடையில் கேட்கலாம், பொருந்தினால் அதுவே சரியான மருந்து. ஸ்பிரிங் இடுக்கில் செருகும் ரப்பர் பஃபர் கொஞ்சம் தூக்கிக் காட்டும், ஆனால் களைத்த ஸ்பிரிங்கை அது புதிதாக்காது. இடையில் ஹெட்லைட்டையும் ஒரு பார்வை பாருங்கள், பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணில்தான் விழும்.

இன்னொன்று, ஸ்பிரிங்கை மாற்றினாலும் வண்டியின் மொத்த எடை வரம்பு கூடாது. சிலிண்டர் எடுத்துக்கொண்ட 75 கிலோ, நீங்கள் முன்பு டிக்கியில் வைத்த பெட்டிகளின் பங்கு. ஐந்து பேர் ஏறி, பெட்டிகளை மேலே கேரியரில் கட்டினால் அதற்கு எந்தக் காற்றும் பதில் இல்லை.

காஸ் தீர்ந்ததும் காற்றைக் குறைப்பது

வேண்டாம். போனது 9 கிலோ, இரும்பு அங்கேயேதான் இருக்கிறது.

டயர் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பிடிப்பது

அது அந்த டயருக்கான உச்ச வரம்பு. உங்கள் வண்டிக்கானது கதவுத் தூணில் இருக்கிறது.

ஓடிவந்த சூட்டில் அளந்து, கூடுதலாக இருக்கிறதென்று இறக்குவது

மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஆறிய டயருக்கு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடாது. சிஎன்ஜி பங்க் பலருக்கு வீட்டுப் பக்கத்தில் இல்லை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் போய், வரிசையில் நின்று, காஸ் அடித்துவிட்டு அப்படியே காற்றும் பிடிக்கிறார்கள். அதற்குள் டயரில் நாலு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். காலையில் 36 இருந்தது இப்போது 40 காட்டும், பையன் "ஜாஸ்தி இருக்கு சார்" என்று இறக்கிவிடுவான். மறுநாள் காலையில் அது 32. பின்னால் கனம் ஏறிய வண்டியில் ஓரம் தேய்ந்து வரும் டயர்களில் பலவற்றின் கதை இதுதான், உரிமையாளர் "நான் வாரா வாரம் காற்று பிடிக்கிறேனே" என்று சத்தியம் செய்வார், அவர் சொல்வதும் உண்மைதான். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் வண்டியை எடுக்கும் முன் வீட்டு வாசலில் பாருங்கள். குறைவாக இருந்தால் எவ்வளவு குறைவு என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பங்க்கில் சூட்டோடு என்ன காட்டுகிறதோ அதற்கு மேல் அந்த அளவை ஏற்றச் சொல்லுங்கள்.

நைட்ரஜன் போட்டாச்சு என்று பார்க்காமல் விடுவது

நைட்ரஜனும் இறங்கும்.

ஸ்டெப்னி

சிலிண்டர் வந்ததும் ஸ்டெப்னிதான் முதலில் வீட்டு மாடிப்படிக்குக் கீழே போகிறது. வண்டியிலேயே இருந்தாலும் வால்வு சிலிண்டர் சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதால் யாரும் கை விட்டுப் பார்ப்பதில்லை. பஞ்சர் ஆகும் நாளில் அது பின்னாலும் போகலாம் என்பதால் பின் டயரின் முழு சுமை அளவையே அதில் வையுங்கள், முன்னால் மாட்ட நேர்ந்தால் இறக்கிக்கொள்வது எளிது. சக்கரத்தைத் திருப்பிப் போட்டு வால்வு கைக்கு எட்டும் பக்கமாக வைக்க முடிகிறதா என்று கிட் மாட்டும் அன்றே பார்த்துவிடுங்கள். சட்டத்தை முறுக்கிய பிறகு கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.