எல்.என்.ஏவை எங்கே மாட்டுவது? நாய்ஸ் ஃபிகர் கணக்கு, படிப்படியாக

ஒரு பாகம் சிக்னலோடு எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்பதன் அளவுதான் நாய்ஸ் ஃபிகர். அது 1 டெசிபல் மட்டுமே உள்ள நல்ல எல்.என்.ஏ, அதாவது இரைச்சல் குறைவான ஆம்ப்ளிஃபயர், ஒன்று வாங்கி, மேசையில் ரிசீவருக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். திரையில் சிக்னல் ஏறியது, கூடவே இரைச்சலும் ஏறியது, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும் நான் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. அதே எல்.என்.ஏவைக் கேபிளின் மறுமுனைக்கு, ஆன்டெனாவின் காலடிக்கு மாற்றியதும் கிட்டத்தட்ட 3 டெசிபல் கூடுதலாகக் கிடைத்தது. பாகங்கள் அதேதான், வரிசை மட்டும்தான் மாறியது. அதற்கான கணக்கு இது.

முதலில் காரணம்

எல்.என்.ஏ, கேபிள், ரிசீவர் என ஒவ்வொரு நிலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. முதல் நிலை சேர்க்கும் இரைச்சல், சிக்னல் மிகச் சிறியதாக இருக்கும்போதே அதோடு ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் இரண்டும் சேர்ந்தே பெருகுகின்றன, பிரிக்க வழியில்லை. இரண்டாம் நிலை இரைச்சல் சேர்க்கும் நேரத்தில் சிக்னல் ஏற்கனவே 100 மடங்கு ஆகியிருந்தால், அந்த இரைச்சலின் பாதிப்பு நூறில் ஒரு பங்குதான். 1944-இல் ஹரால்ட் ஃப்ரீஸ் எழுதிய சூத்திரம் இதையே சொல்கிறது. F என்பது நாய்ஸ் ஃபிகர், G என்பது கெயின், பக்கத்தில் உள்ள எண் எத்தனையாவது நிலை என்பதைக் காட்டும்:

```
F = F1 + (F2 - 1)/G1 + (F3 - 1)/(G1*G2)
```

நான் சறுக்கிய இடம்

இந்த F, G எல்லாம் வெறும் மடங்குகள். டெசிபல் கிடையாது. நான் டேட்டாஷீட்டில் இருந்த டெசிபல் எண்களை அப்படியே போட்டேன்: எல்.என்.ஏ 1, கெயின் 20, கேபிள் 3, கெயின் -3, ரிசீவர் 6. விடை 1.02 வந்தது. நம்பும்படியான எண், அதுதான் ஆபத்து. விடை அபத்தமாக வந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பேன்.

சரியான வழி, முதலில் எல்லாவற்றையும் மடங்காக மாற்றுவது. 1 டெசிபல் என்றால் 1.26, 20 டெசிபல் கெயின் என்றால் 100, ரிசீவரின் 6 டெசிபல் கிட்டத்தட்ட 4. கேபிள் இழப்பு 3 டெசிபல் என்றால் அதன் கெயின் 0.5, F 2. அறை வெப்பநிலையில் இருக்கும் கேபிளுக்கு இழப்பும் நாய்ஸ் ஃபிகரும் ஒரே எண்தான், இதற்கென்று தனியாக டேட்டாஷீட் தேட வேண்டாம்.

எல்.என்.ஏ ஆன்டெனா பக்கம் இருந்தால்: 1.26 + 1/100 + 3/50 = 1.33. டெசிபலில் சுமார் 1.2. கேபிள், ரிசீவர் இரண்டும் சேர்ந்தும் 0.07 மட்டுமே கூட்டியிருக்கின்றன.

மேசையில் இருந்தால் கேபிள்தான் முதல் நிலை: 2 + 0.26/0.5 + 3/50 = 2.58. டெசிபலில் 4.1. கேபிளில் போன 3 டெசிபலை அதற்குப் பின்னால் வரும் எந்த ஆம்ப்ளிஃபயராலும் மீட்க முடியாது.

ஆனால் முதல் நிலை ஆதிக்கம் செலுத்துவது அதற்குப் போதிய கெயின் இருந்தால்தான். கெயின் 20-க்குப் பதில் 6 டெசிபல் என்று வைத்துப் பாருங்கள், எல்.என்.ஏ ஆன்டெனாவிலேயே இருந்தும் மொத்தம் 4.8 டெசிபல் ஆகிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களைவிட இந்தச் சின்ன பைத்தான் எனக்குப் பிடிக்கும், மடங்காக மாற்றும் இடம் கண்ணெதிரே இருக்கிறது:

```python
from math import log10
lin = lambda db: 10 ** (db / 10)

def nf(stages):
    f, g = 1, 1
    for n, gain in stages:
        f += (lin(n) - 1) / g
        g *= lin(gain)
    return round(10 * log10(f), 2)

print(nf([(1, 20), (3, -3), (6, 0)]))   # 1.23
print(nf([(3, -3), (1, 20), (6, 0)]))   # 4.1
```

மாட்டியபின் சோதனை

ரிசீவரின் கெயினைத் தானாக மாற்றும் ஏஜிசியை அணைத்துவிடுங்கள். ரிசீவர் உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேட்டர் போட்டு இரைச்சல் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே டெர்மினேட்டரை எல்.என்.ஏ உள்ளீட்டில் போட்டு, கேபிள் வழியாக ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன எண்களுக்கு மட்டம் 12 டெசிபல் அளவு ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் எல்.என்.ஏவுக்கு மின்சாரம் போகவில்லை, கேபிள் வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்கும் பயாஸ்-டீயைப் பாருங்கள். 5 அல்லது 6 தான் ஏறுகிறது என்றால் கேபிள் இழப்பை மறுபடி அளக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: ஃபில்டரை எங்கே வைப்பது என்று கருத்துகளில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எல்.என்.ஏவுக்கு முன்னால் வைத்தால் ஃபில்டரின் இழப்பு அப்படியே மொத்தத்தில் சேரும்: 1.5 டெசிபல் ஃபில்டர் என்றால் 1.2 என்பது 2.7 ஆகிவிடும். பின்னால் வைத்தால் 1.3 தான். அதனால் பின்னால் வைப்பதே என் விருப்பம். பக்கத்தில் பலமான எஃப்எம் நிலையம் இருந்து எல்.என்.ஏ திணறுகிறது என்றால் மட்டும் அந்த 1.5 டெசிபலைக் கொடுத்துவிட்டு முன்னால் வையுங்கள்.

இன்னொருவர் 7 மெகாஹெர்ட்ஸில் எல்.என்.ஏ மாட்டியும் பலன் இல்லை என்றார். அந்த அலைவரிசையில் ஆன்டெனா வழியாக வரும் வெளி இரைச்சலே மிக அதிகம். எல்.என்.ஏ இல்லாமல், டெர்மினேட்டரைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டிப் பாருங்கள். மட்டம் 10 டெசிபலுக்கு மேல் தாவினால் உங்கள் ரிசீவரின் நாய்ஸ் ஃபிகர் ஏற்கனவே போதும், எல்.என்.ஏ தேவையில்லை.