“பாய்லர் நார்மல்” என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்: ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஷிஃப்டில் பாய்லருக்குத் தண்ணீர் அனுப்பும் ஃபீட் பம்ப் ஒன்று கெட்டுப்போகிறது. ஆபரேட்டர் பதறாமல் இன்னொரு பம்ப்பைப் போட்டு நிலைமையைச் சமாளித்துவிடுகிறார். காலையில் கிளம்பும் முன் லாக் புத்தகத்தில் எழுதுகிறார்:

“2-ஆம் ஃபீட் பம்ப்பில் கசிவு. 1-ஆம் பம்ப்புக்கு மாற்றப்பட்டது. மெயின்டனன்ஸுக்குச் சொல்லியாச்சு. பாய்லர் நார்மல்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் காலை ஷிஃப்டுக்கு வருகிறவருக்கு இது போதாது. 2-ஆம் பம்ப்பைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறார்களா, வால்வை மூடி மின்சாரத்தையும் எடுத்துவிட்டார்களா? ஒன்று நின்றால் மற்றது தானாக ஓடும் ஆட்டோ ஏற்பாடு இப்போது வேலை செய்யுமா? 1-ஆம் பம்ப் நின்றுவிட்டால் என்ன செய்வது? பதில் எதுவும் பக்கத்தில் இல்லை. வந்தவர் “நார்மல்” என்பதைப் படித்துவிட்டு, மாற்றுப் பம்ப் தயாராக இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்.

இங்கே நடந்திருக்கும் முதல் தவறு, நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதி, கருவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை விட்டுவிடுவது. எழுதுகிறவருக்கு அந்த இரவு முழுவதும் நினைவில் இருக்கிறது. அதனால் “மாற்றப்பட்டது” என்ற ஒரே சொல் அவருக்குப் பத்து வேலைகளைச் சொல்லிவிடும். படிக்கிறவருக்கு அது ஒரு சொல்தான்.

இதன் விபரீதத்துக்குப் பதிவான உதாரணம் ஒன்று உண்டு. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு பிரிவை அன்று மறுபடி இயக்கிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த வடிகோபுரத்தில் முந்தைய இரவு ஷிஃப்ட் எண்ணெயை ஏற்றிவிட்டு வேலையை நிறுத்தியது. லாக் புத்தகத்தில் அதற்காக இருந்தது ஒரே வரி. பிரிவுக்குள் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்தோம், கோபுரத்தை நிரப்ப, என்கிற அளவுதான். எதுவரை நிரப்பினார்கள், குழாய்களிலும் வெப்பமாற்றிகளிலும் எண்ணெய் இருக்கிறதா, எந்த வால்வு எப்படி இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எதுவும் இல்லை. முடித்த படிகளைச் செய்முறைத் தாளிலும் குறிக்கவில்லை. நிரப்பியவர் ஷிஃப்ட் முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டார்.

இத்தனைக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது. பாதி அளவு நிரப்ப வேண்டிய இடத்தில் மீட்டர் 99 சதவீதம் காட்டியது. 72 சதவீதத்தில் அடிக்க வேண்டிய அலாரம் அடித்தது. 78 சதவீதத்தில் அடிக்க வேண்டிய இன்னொரு அலாரம் அடிக்கவே இல்லை. அந்த மீட்டர் பார்த்தது 170 அடிக் கோபுரத்தின் அடியில் 9 அடிக்கு உட்பட்ட பகுதியைத்தான். அதற்கு மேலே எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. காலையில் வேலையைத் தொடர்ந்தவர்கள், வெளியேறும் வால்வு மூடியிருக்கும்போதே மணிக்கணக்கில் எண்ணெயை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த விபத்துக்கு வேறு காரணங்கள் பல இருந்தன. ஆனால் “மீட்டர் 99 காட்டுகிறது, 78-க்கான அலாரம் அடிக்கவில்லை, அதை நம்ப வேண்டாம்” என்று எழுதியிருந்தால், காலையில் வந்தவர் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

இரண்டாவது தவறு இதிலேயே தெரிகிறது. ஒத்துழைக்காத அளவுமானி, அடிக்காத அலாரம், வேலை செய்யாமல் கட்டிவைத்த இன்டர்லாக் ஆகியவற்றை எழுதாமல் விடுவது. பல இடங்களில் இவை நாள்பட்ட கோளாறுகள். “அது எப்பவும் அப்படித்தான்” என்று பழகிப்போனதால் யாருக்கும் எழுதத் தோன்றாது. விடுப்பு முடிந்து அன்றுதான் வருகிறவருக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அவர் மானி காட்டுவதை அப்படியே நம்புவார்.

மூன்றாவது, “கவனிக்கவும்” என்று முடிப்பது. எதை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்ய? எண்ணும் செயலும் இல்லாத “கவனிக்கவும்” பொறுப்பைக் கைமாற்றுகிறதே தவிர, தகவலைக் கொடுப்பதில்லை. “மெயின்டனன்ஸுக்குச் சொல்லியாச்சு” என்பதும் இதே வகைதான். யாரிடம், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார் என்பது வேண்டும்.

சரி, அதே ஃபீட் பம்ப் பதிவை இப்படி எழுதலாம்:

“02.40: 2-ஆம் ஃபீட் பம்ப் மெக்கானிக்கல் சீலில் தண்ணீர் பீய்ச்சியது. 02.45: 1-ஆம் பம்ப் போட்டோம். கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

இப்போதைய நிலை, 05.40: 1-ஆம் பம்ப் ஓடுகிறது, 11 ஆம்பியர். 2-ஆம் பம்ப் சக்‌ஷன், டெலிவரி வால்வுகள் மூடி, பேனலில் பிரேக்கர் ஆஃப், டேக் போட்டிருக்கிறது. செலக்டர் மேனுவலில் உள்ளது. மாற்றுப் பம்ப் கிடையாது.

நம்ப வேண்டாம்: 2-ஆம் பம்ப் பிரஷர் கேஜில் முள் சிக்கியிருக்கிறது. பம்ப் நின்ற பிறகும் 4 கிலோ காட்டுகிறது.

செய்ய வேண்டியது: 1-ஆம் பம்ப் ஆம்பியரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்கவும். 14-ஐத் தொட்டால் ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிடவும். பம்ப் நின்றால் பர்னரை உடனே நிறுத்தவும். 2-ஐப் போட முயல வேண்டாம். கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் தண்ணீர் விடக் கூடாது.

பாக்கி: 02.55-க்கு ஃபிட்டரிடம் போனில் சொன்னேன், 9 மணிக்கு வருவார். சீல் ஸ்டோரில் இருக்கிறது. வேலை முடிந்ததும் ஆட்டோ மாற்றத்தைச் சோதித்த பிறகே செலக்டரை ஆட்டோவில் விடவும்.”

படிக்க ஒரு நிமிடம்தான் ஆகும். “மாற்றுப் பம்ப் கிடையாது” என்ற மூன்று சொற்கள்தான் இதில் எனக்கு முக்கியம். அவற்றைச் சிவப்பு மையில் எழுதச் சொல்வேன். தண்ணீர் விடக் கூடாது என்ற வரியையும் “தெரிந்ததுதானே” என்று விட்டுவிட வேண்டாம். தண்ணீர் இறங்கி வெறுமையாகக் காய்ந்திருக்கும் உலோகத்தில் திடீரெனத் தண்ணீர் பட்டால் அது நொடியில் நீராவியாகிப் பாய்லரையே பிளந்துவிடலாம். அலாரம் அலறும்போது கை தானாகப் பம்ப் சுவிட்சுக்குத்தான் போகும். அந்தக் கையைத் தடுக்க வேண்டியது இந்த வரி.

வரிசையிலும் கவனம் வேண்டும். என்ன நடந்தது என்பதைக் கதையாக ஒரு பக்கம் எழுதி, கடைசி வரியில் டேக் போட்ட விஷயத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. சீல் ஏன் போனது, அதற்கு முன்பே சத்தம் வந்ததா என்பதெல்லாம் விசாரணை அறிக்கைக்கு வேண்டியவை. லாக் புத்தகத்தில் நடந்தது இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம்.

அப்புறம், எழுதும் நேரம். ஷிஃப்ட் முடியும்போது நினைவிலிருந்து எழுதினால் மணியும் எண்ணும் மாறும். நடந்தவுடன் நேரத்தோடு ஒரு வரி குறித்துவிட்டு, “இப்போதைய நிலை” பகுதியை மட்டும் கிளம்பும் முன் பம்ப் பக்கத்தில் போய் நேரில் பார்த்து எழுத வேண்டும். வால்வைத் திருகியவரே எழுதுவது நல்லது. இன்னொருவர் எழுதினால், திருகியவர் சொல்லி எழுதியது என்று குறிப்பிட வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால் “தாமதமாக எழுதியது” என்று போட்டு, எழுதிய நேரத்தையும் போடுங்கள். தவறை ஒரே கோட்டால் அடித்துக் கையெழுத்திட வேண்டும். வெள்ளை மை பூசினால், முதலில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. படித்தவரும் கீழே கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு பாக்கியும் எத்தனை மணிக்கு முடிந்தது என்பதைத் தன் பக்கத்தில் எழுத வேண்டும். முடியாதவற்றை அடுத்த பக்கத்துக்கு மறுபடி எடுத்து எழுத வேண்டும். மூன்று ஷிஃப்டுக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.