வாட்ஸ்அப் கணக்கு கைமாறிவிட்டதா? முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தையிடமிருந்து அழைப்பு. "அண்ணனுக்கு என்னப்பா அப்படி ஓர் அவசரம்? பதினைந்தாயிரம் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்." வந்த செய்தியை எனக்கு அனுப்பச் சொன்னேன். "வணக்கம், நீங்கள் எனக்கு உடனடியாக ரூ. 15,000 அனுப்ப முடியுமா? மாலையில் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்று இருந்தது. பெரியப்பா தன் தங்கையை வாழ்நாளில் ஒருமுறைகூட 'நீங்கள்' என்று சொன்னதில்லை. எழுதியது அவரில்லை என்பதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அன்று அடுத்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் செய்ததையும், முதலில் செய்திருக்க வேண்டியதைப் பின்னால் செய்ததையும் வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில், எந்த வகைத் திருட்டு என்று பாருங்கள்

வாட்ஸ்அப் கணக்கு இரண்டு வழிகளில் பறிபோகிறது. இரண்டுக்கும் அறிகுறி வேறு, மருந்தும் வேறு.

முதல் வகையில், திருடன் தன் கைபேசியில் உங்கள் எண்ணைப் பதிவு செய்கிறான். அதற்கு உங்கள் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும் 6 இலக்கக் குறியீடு அவனுக்கு வேண்டும். பெரும்பாலும் உங்களிடமே கேட்டு வாங்கிவிடுகிறான். ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஒரு கைபேசியில்தான் முதன்மையாக இயங்கும் என்பதால், அவன் உள்ளே நுழைந்ததும் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் உங்கள் எண் இந்தக் கைபேசியில் பதிவில் இல்லை என்று சொல்லி, எண்ணைப் புதிதாகக் கேட்கும் திரை வரும். பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான். காலையிலேயே அந்தத் திரையைப் பார்த்திருக்கிறார். ஏதோ அப்டேட் என்று நினைத்து மூடி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் வகை சத்தமில்லாதது. உங்கள் கைபேசியில் எல்லாம் வழக்கம்போல இயங்கும். ஆனால் உங்கள் கணக்கு திருடனின் கணினியிலும் கூடுதல் கருவியாக இணைந்திருக்கும். உங்களுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் போகும். உங்கள் பெயரில் அவனால் எழுதவும் முடியும். நீங்கள் திறக்காத செய்தி படித்ததாகக் காட்டுவது, நீங்கள் அனுப்பாத செய்திக்குப் பதில் வருவது ஆகியவை இதன் அடையாளங்கள். "போட்டியில் என் மகளுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று வரும் இணைப்பில் உங்கள் எண்ணைக் கேட்டு, பிறகு எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் கொடுத்து அதை வாட்ஸ்அப்பில் இடச் சொன்னால், நீங்களே அவனுடைய கருவியை இணைத்துக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

சுருக்கமாக, வாட்ஸ்அப் திறக்கவில்லை என்றால் முதல் வகை. திறக்கிறது, ஆனால் உங்கள் பெயரில் செய்தி போகிறது என்றால் இரண்டாம் வகை. இவை தவிர, கைபேசியில் சிக்னலே இல்லாமல் போய், மறுதொடக்கம் செய்தும் வரவில்லை என்றால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ நகல் சிம் வாங்கியிருக்கக்கூடும். அப்படியானால் வேறு கைபேசியிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள்; வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். வாட்ஸ்அப் அதற்குப் பிறகுதான்.

வெளியே தள்ளப்பட்டிருந்தால்: உடனே மீண்டும் பதிவு செய்யுங்கள்

புகார், விளக்கம் எல்லாம் பிறகு. உங்கள் எண்ணை அதே திரையில் இட்டு, குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டைப் பதியுங்கள். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதில்லை. பேக்கப் எடுக்காத உரையாடல்கள் அதில் போய்விடும். குறியீடு ஏற்கப்பட்ட அந்த நொடியே திருடனின் கைபேசியில் உங்கள் கணக்கு மூடப்பட்டுவிடும்.

இதில் இரண்டு இடங்களில் தடுக்கும்.

ஒன்று, குறியீடு வராமல் காத்திருப்பு நேரம் மட்டும் ஓடுவது. குறியீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், தவறாக இட்டாலும் வாட்ஸ்அப் சில மணி நேரம் கதவைச் சாத்திவிடும். திருடர்களுக்கு இது தெரியும். உங்களைத் தாமதப்படுத்த வேண்டுமென்றே தவறான எண்களை இட்டு வைப்பார்கள். பதற்றத்தில் நீங்களும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு உதவி செய்வதாகும். திரையில் காட்டும் நேரம் முடியும் வரை விட்டுவிட்டு, இடையில் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

இன்னொன்று, குறியீட்டை ஏற்றுக்கொண்ட பிறகு, நீங்கள் வைக்காத 6 இலக்கப் பின் எண்ணைக் கேட்பது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற பூட்டை நீங்கள் போடாமல் விட்டதால் திருடன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பின் தெரியாமல் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். பெரியப்பா இங்கே இடிந்துபோனார். "ஏழு நாளும் அவன் என் பெயரில் ஊரெல்லாம் கடன் கேட்பானா?" என்றார். கேட்க முடியாது. குறுஞ்செய்திக் குறியீட்டை நாங்கள் பதிந்தபோதே அவன் வெளியேறிவிட்டான். அந்த 7 நாளும் கணக்கு உங்களுக்கும் திறக்காது, அவனுக்கும் திறக்காது. அவன் திரும்ப வர வேண்டுமானால் உங்கள் எண்ணுக்கு வரும் புதிய குறியீடு அவனுக்கு வேண்டும். அதனால் அந்த நாள்களில் வாட்ஸ்அப் நிறுவனத்திலிருந்து பேசுவதாகவோ, காவல் துறையிலிருந்து பேசுவதாகவோ அழைப்பு வந்து குறியீடு கேட்டால், பேசுபவன் யார் என்று ஊகிப்பது கடினமில்லை.

அழைப்பு வேறு எங்கோ போகிறதா?

"நான் யாருக்கும் குறியீடு சொல்லவே இல்லை" என்று உறுதியாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சொல்வது உண்மை. குறியீட்டைக் குறுஞ்செய்தியாக மட்டுமின்றி அழைப்பாகவும் வாட்ஸ்அப் சொல்லும். கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை டயல் செய்யுங்கள் என்று யாராவது சொல்லி, நீங்கள் *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்திருந்தால், உங்கள் அழைப்புகள் அவனுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். இதைப் பார்க்கவும் நீக்கவும் கைபேசியில் இப்படி டயல் செய்யுங்கள்:

```
*#21#     (திருப்பல் இருக்கிறதா என்று பார்க்க)
##002#    (எல்லாத் திருப்பல்களையும் நீக்க)
```

இரண்டாவதை டயல் செய்தால், தவறிய அழைப்புகளைத் தெரிவிக்கும் சேவை சிலருக்கு நின்றுபோகும். பிறகு அதைத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

கைபேசி வழக்கம்போல இயங்கினால்

இரண்டாம் வகைக்கு மீண்டும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் Linked devices என்பதைத் திறங்கள். ஆண்ட்ராய்டில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும், ஐபோனில் Settings சென்றால் இருக்கும். இணைந்த கருவிகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் கடைசியாக இயங்கிய நேரமும் இருக்கும். உங்களுக்குத் தெரியாத கருவியைத் தொட்டு Log out கொடுங்கள். எது யாருடையது என்று சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். உங்கள் கணினியை மறுபடி இணைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளியேற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்கு உதவும்.

இந்த வகையில் இழப்பு ஒருவிதத்தில் பெரியது. முதல் வகைத் திருடனால் உங்கள் பழைய உரையாடல்களைப் படிக்க முடியாது. அவை உங்கள் கைபேசியில்தான் இருக்கின்றன. புதிதாக வருபவற்றையும், நீங்கள் இருக்கும் குழுக்களையும்தான் அவன் பார்ப்பான். இணைந்த கருவிக்கோ அண்மைக்கால உரையாடல்களும் போய்ச் சேரும். வங்கி அட்டையின் படம், ஆதார் நகல், கடவுச்சொல் என்று எதையாவது யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அவை அவன் கண்ணில் பட்டதாகவே வைத்துக்கொண்டு, அந்தக் கடவுச்சொற்களை அன்றே மாற்றுங்கள்.

தெரிந்தவர்களுக்குச் சொல்வது

நாங்கள் சறுக்கியது இங்கேதான். பெரியப்பாவின் கணக்கை மீட்பதிலேயே இருபது நிமிடம் கரைந்தது. அதற்குள் அவருடன் வேலை பார்த்த ஒருவர், கேள்வி எதுவும் கேட்காமல், பத்தாயிரம் அனுப்பிவிட்டார். வீட்டில் இன்னொருவர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பதிவு செய்யட்டும், ஒருவர் அழைக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் சாதாரண அழைப்பிலும் குறுஞ்செய்தியிலும் சொல்லுங்கள். முதலில் யாரை அழைப்பது? நீங்கள் கேட்டால் மறுவார்த்தை பேசாமல் பணம் தருபவர்களை. அடுத்து, நீங்கள் இருக்கும் பெரிய குழுக்களின் நிர்வாகிகளை அழைத்து உங்கள் எண்ணைக் குழுவிலிருந்து தற்காலிகமாக நீக்கச் சொல்லுங்கள். குடியிருப்புக் குழுவிலோ பழைய மாணவர் குழுவிலோ நூறு பேருக்கு மேல் இருக்கலாம். திருடனுக்கு அதுதான் வயல். குறுஞ்செய்தியில் இவ்வளவு போதும்:

"என் வாட்ஸ்அப்பை யாரோ எடுத்துக்கொண்டார்கள். என் பெயரில் பணமோ குறியீடோ கேட்டால் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்."

குறியீட்டைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள். பெரியப்பா ஏமாந்ததே அவருடைய நண்பரின் எண்ணிலிருந்து வந்த செய்தியால்தான். "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, சொல்லுங்கள்" என்று இருந்தது. அந்த நண்பரின் கணக்கு முந்தின நாளே பறிபோயிருந்தது.

யாராவது பணம் அனுப்பிவிட்டால்

பணம் அனுப்பியவர்தான் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், அதுவும் உடனே. இது இணையப் பண மோசடிக்கான இந்திய அரசின் உதவி எண். திருடனின் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள் என்பதால்தான் இவ்வளவு அவசரம். பணம் அனுப்பிய செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும். யூடிஆர் எண் என்று கேட்பார்கள். அதையும், தொகையையும், அனுப்பிய நேரத்தையும், பெற்றவரின் யுபிஐ முகவரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். 1930-க்கு இணைப்பு கிடைக்காவிட்டால் cybercrime.gov.in தளத்தில் பதியலாம். தன் வங்கிக்கும் அவர் சொல்ல வேண்டும். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிட வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்தாயிரம் அனுப்பிய அந்தப் பழைய சக ஊழியர் பணம் போய் நாற்பது நிமிடத்தில் அழைத்தார். தொகையில் ஒரு பகுதி மட்டும் தடுத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பிறகு தகவல் வந்தது.

உள்ளே வந்ததும்

Settings, Account, Two-step verification என்ற வரிசையில் போய் உங்கள் பின் எண்ணை வையுங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும். தவிர்க்காமல் கொடுங்கள், பின் மறந்தால் 7 நாள் காத்திருக்காமல் மீட்க அதுதான் வழி. ஏற்கெனவே திருடன் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கலாம் என்பதால் அங்கே இருக்கும் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். Linked devices பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எட்டாம் நாள் காலை பெரியப்பாவின் வாட்ஸ்அப் திறந்தது. பின் எண் வைக்கும்போது பிறந்த ஆண்டைக் கலந்து வைக்கப் போனார். அது குடும்பக் குழுவில் எல்லாருக்கும் தெரியும் என்று தடுத்தேன். முதல் செய்தியை அத்தைக்கு அனுப்பினார்: "சாப்பிட்டாயா?" அடுத்த நொடி அத்தை என்னை அழைத்து, "இது அண்ணன்தானே?" என்றார்.