தாமத நேரத்தைச் சமன்பாடு தீர்க்காமல் கண்டுபிடிக்க

முடுக்கத்தில் இருக்கும் மின்னூட்டத்தின் புலத்தைக் கணக்கிட, அதன் செய்தி எந்த நொடியில் கிளம்பியது என்று தெரிய வேண்டும். அந்தத் தாமத நேரத்துக்கு இயற்கணிதத்தோடு மல்லுக்கட்டாமல், ஒரு உத்தேச மதிப்பை இந்த வரியில் போட்டு, வரும் விடையைத் திரும்பத் திரும்ப அதிலேயே போடுங்கள். இதில் t_r தாமத நேரம், t நீங்கள் பார்க்கும் நேரம், r நீங்கள் நிற்கும் இடம், w(t_r) அந்தத் தாமத நேரத்தில் மின்னூட்டம் இருந்த இடம், c ஒளியின் வேகம்:

```
t_r = t - |r - w(t_r)|/c
```

நேரத்தை c-யால் பெருக்கி மீட்டரில் எழுதுவோம்; அப்படி எழுதிய தாமத நேரம்தான் s. மின்னூட்டம் x = 0.5 sin(s) என்று ஆடுகிறது; நீங்கள் x = 3-இல், ct = 4-இல் பார்க்கிறீர்கள். அப்போது s = 1 + 0.5 sin(s). 1-இல் தொடங்கினால் 1.421, 1.494, 1.4985, 1.4987 என்று நான்கே சுற்றில் நின்றுவிடும். (அச்சின் மீதே நிற்பதால் இங்கே கதிர்வீச்சுப் புலம் சுழி, கைக்கணக்குக்கு வசதி என்றுதான் இந்த இடம்.)

புலத்தின் மாற்றம் c வேகத்தில்தான் பரவுகிறது, மின்னூட்டம் அதைவிட மெதுவாகத்தான் போக முடியும். அதனால் மின்னூட்டத்தின் அதிகபட்ச வேகம் v என்றால், ஒவ்வொரு சுற்றிலும் பிழை முந்தையதைப் போல v/c மடங்காகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். விடையும் ஒன்றே ஒன்றுதான். கிடைத்த நேரத்தில் மின்னூட்டத்தின் இடம், திசைவேகம், முடுக்கம் மூன்றையும் எடுங்கள். மின்னழுத்தச் சூத்திரத்தில் வகுக்கும் பகுதியில் வரும் 1 − n·v/c-யை விட்டுவிடாதீர்கள், பலர் சறுக்குவது அங்கேதான்; இங்கே n மின்னூட்டத்திலிருந்து உங்களை நோக்கும் அலகு வெக்டர், v அந்தத் தாமத நேரத்துத் திசைவேகம்.

v, c-க்கு மிக அருகில் இருந்தால் சுற்றுகள் நூற்றுக்கணக்கில் போகலாம். அப்போது இடைவெளியைப் பாதியாக்கித் தேடுவதே மேல். தண்ணீர் போன்ற ஊடகத்தில் துகள் அங்குள்ள ஒளியை முந்தினால் இந்த வழி சரிவராது, ஒரே புள்ளிக்கு இரண்டு தாமத நேரங்கள் வரலாம்.