ஆளைத் தெரியாதவரை எழுப்பப் போகும்போது

வீடுகளுக்குப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு, ஆரம்பத்தில் கொஞ்ச நாள் நானும் கூடப் போவேன். மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளையையே யாரென்று தெரியாத நிலையில் இருப்பவர்கள்தான் எங்களிடம் அதிகம். புதியவர்கள் செய்கிற தவறுகளைப் பார்த்தால், ஒரு காலத்தில் நான் செய்தவைதான் திரும்ப வருகின்றன. கத்திப் பேசாதீர்கள், பச்சைப் பிள்ளையிடம் பேசுவதுபோலக் கொஞ்சாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும். நன்றாகத் தெரிந்தவர்களும் செய்துவிடுகிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மகன் கேட்பான். அவன் வரமுடியாத வருஷம் மருமகள் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "யாரு தெரியுதா, யாரு தெரியுதா" என்பாள். தெரியாது என்பது கேட்பவருக்கே தெரியும், இருந்தாலும் கேட்பார்கள். பதில் வராதபோது அந்த அம்மாவின் முகம் வெளிறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறுபடி கேட்கமாட்டார்கள்.

நாமே முதலில் பெயரைச் சொல்லிவிடவேண்டும். "அம்மா, நான் ராஜன் வந்திருக்கேன்." அதோடு போதும். "நான்தான் உங்க மகன்" என்று சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மனசுக்குள் தனக்கு முப்பது வயது என்று இருந்தால், எதிரே நிற்கும் நரைத்த தலைக்காரர் எப்படி மகனாக முடியும்? நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். தன் தம்பி என்று நினைத்துப் பேசினால் திருத்தவும் வேண்டாம், "ஆமா, தம்பிதான்" என்று நடிக்கவும் வேண்டாம். "அவர் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவரோ?" என்று அந்தத் தம்பியைப் பற்றியே கேளுங்கள்.

நல்ல பதிலை நம்பிவிடுவது

கடற்கரை ஊர்களில் ஒரு வயதானவரிடம் "இயேசுவுக்கே புகழ்" என்றால், "மரியே வாழ்க" என்று பளிச்சென்று பதில் வரும். தேங்காய்ப்பட்டணத்தில் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் முழுசாக வரும். "வா மக்களே, சாயா குடிச்சாச்சா?" என்றும் கேட்பார். வந்தவருக்கு ஒரே சந்தோஷம், "என்னைத் தெரிஞ்சிருச்சு!" என்று.

தெரியவில்லை. சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை சொல்லிப் பழகியது நாக்கில் இருக்கிறது. ஆளை நினைவில் வைக்கும் இடம் வேறு, அது எப்போதோ போய்விட்டது. அந்தப் பதிலை, உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் நேரே அடுக்களைக்குப் போகிறவர்கள்தான் அடுத்த தவறைச் செய்கிறவர்கள்.

முகம் போய்ச் சேரும் முன் கை போவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும், அவசரம் என்று வந்ததும் கை முன்னால் போய்விடும்.

குலசேகரம் பக்கம் ஒரு பாட்டா. ஆயுசு முழுக்க ரப்பர் பால்வெட்டு. விடியும் முன்னே எழும்பி, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் வீட்டுக்குள்ளிருந்து, அதாவது அவருக்குப் பின்பக்கமிருந்து வந்தாள். "பாட்டா, எழும்புங்க, துணி மாத்தலாம்" என்று சொல்லிக்கொண்டே அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். பேச்சில் மரியாதை இருந்தது, குரலும் இதமாகத்தான் இருந்தது. பாட்டா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார், மறுகையை வீசினார். அவள் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். நாற்காலி சாய்ந்தது. மணிக்கட்டு முறிந்தது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய செலவு. போட்ட கட்டை அவரே பிய்த்தார். "ஆளு மூர்க்கமாயிட்டாரு" என்ற பேர் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தூக்க மாத்திரை வந்தது. பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் விழித்திருந்தார். இப்படிப்பட்டவர்களை அடக்கி வைக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் இன்னும் மோசம். மறதி நோயாளிகளுக்கு அவை சாவு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே கடுமையாக எச்சரித்தது. இத்தனைக்கும் தொடக்கம், ஒரு கை தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

பாட்டாவின் பக்கமிருந்து பார்ப்போம். மறதி நோய் நடுக்கட்டம் தாண்டினால் கண் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் நடப்பதை மூளை கவனிப்பது குறைந்துவிடும். எதிரே கொஞ்சம் இடம்தான் அவருக்குத் தெரியும் உலகம். அதற்கு வெளியே இருந்து, முகமே இல்லாத ஒரு கை வந்து உடம்பைத் தூக்குகிறது. யாராக இருந்தாலும் வீசத்தான் செய்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் கைகாலை நாம் அசைக்கும்போது, அவர் நினைக்காமலேயே தசை எதிர்த்து விறைக்கும். பாராடோனியா என்று டாக்டர்கள் சொல்வார்கள். வேகமாக இழுத்தால் விறைப்பு கூடும், மெதுவாக அசைத்தால் குறையும். நோய் முற்றியவர்களுக்கு உள்ளங்கையில் பட்டதை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் தானாக வந்துவிடும். "பிடிவாதம் பிடிக்காரு" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். இழுப்பவர் பலத்தைக் கூட்டக் கூட்ட, அந்தப் பிடிவாதத்தை அவரே உண்டாக்குகிறார்.

சரி, எப்படிப் போகவேண்டும்? டீபா ஸ்னோ என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சொல்லிக்கொடுக்கும் முறையை நம்ம ஊருக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றி நாங்கள் செய்கிறோம்.

உள்ளேயிருந்து வந்தாலும் முற்றத்துக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே வருவேன். ஆறடி தூரத்தில் நின்றுவிடுவேன். அங்கிருந்தே கும்பிட்டு, அவருக்குப் பழக்கமான வார்த்தையில் அழைப்பேன். கண் என்மேல் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் ஒரு அடியும் எடுத்துவைக்கமாட்டேன். கண் வந்ததும், எண்ணி எண்ணி நடப்பதுபோலப் பைய நடந்து, கை எட்டும் தூரத்தில் ஒருபக்கமாக ஒதுங்கி, அவர் கண்ணைவிடத் தாழ்வாகக் குந்துவேன். நேர் எதிரே நின்றால் வழி மறிப்பதுபோல இருக்கும். பக்கமாக இருந்தால், வேண்டாமென்றால் எழும்பிப் போக வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும்.

பிறகு கையை நீட்டிக் காத்திருக்கவேண்டும். சொன்னது உள்ளே போய்ச் சேர அவருக்குப் பத்து விநாடிகூட ஆகும். புதியவர்களுக்கு இந்தப் பத்து விநாடிதான் தாங்காது. மூன்றாவது விநாடியில் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள், அவர் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகும்.

அவர் என் கையைப் பிடித்தால், அதை மெல்லத் திருப்பி அவர் உள்ளங்கைக்கு அடியில் கொண்டுவருவேன். பெருவிரல்களின் அடிப்பக்கம் ஒன்றோடொன்று கோத்திருக்கும், அவர் கை மேலே. இப்போது பிடித்திருப்பவர் அவர், நான் இல்லை. அவர் பயப்பட்டால் வாயால் சொல்லும் முன்னே என் கைக்குத் தெரிந்துவிடும். வேற்றுப் பெண் தொடுவதை விரும்பாத பெரியவர்களும் உண்டு. அவர்களுக்குக் கும்பிடோடு நிறுத்திக்கொண்டு, வீட்டு ஆண் ஒருவரைத்தான் பிடிக்கச் சொல்வேன்.

"எழும்புறீங்களா?" என்று கேட்கக்கூடாது. கேள்வி புரியாதபோது வாயில் எளிதாக வருவது "வேண்டாம்"தான். உலர்ந்த சாரத்தை அவர் கண்ணில் படும்படி மடியில் வைத்து, "பாட்டா, இதைக் கொஞ்சம் பிடிச்சுத் தாருங்க" என்பேன். உதவி வாங்க மறுக்கிறவர்கள் உதவி செய்ய மறுப்பது குறைவு.

மணிக்கட்டு சரியான பிறகும் அந்த வீட்டில் எங்கள் சீருடைச் சேலையைப் பார்த்தாலே பாட்டா சுருங்கினார். விழுந்தது அவருக்கு நினைவில் இல்லை, பயம் மட்டும் இருந்தது. 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்ததை மறந்த பிறகும் சோகம் போகவில்லை. அதனால் நான் வீட்டுச் சேலையில் போனேன். முதலில் துணி மாற்றும் பேச்சே எடுக்கவில்லை. பால் பிடிக்கும் பழைய சிரட்டை ஒன்றை நீட்டினேன். வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் ஓரத்தில் பெருவிரல் நகத்தை ஓட்டி, அங்கே இல்லாத ஒட்டுப்பாலை உரித்து உரித்து எடுத்தார். தோள் இறங்கியது. அப்போதுதான் துடைக்கிற துவர்த்தைக் காட்டினேன்.

எழுப்பும்போது நாற்காலி சுவரோடு சேர்ந்திருக்கவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி எடை இல்லாதது, தள்ளினால் ஓடிவிடும். விளிம்புக்கு நகர்ந்து உட்காரவைத்து, பாதங்களை முட்டுக்கு அடியில் இழுத்து வைத்துவிட்டால், முன்னே குனிந்ததும் உடம்பு தானாக எழும்பும். அவர் இன்னொரு கையால் நாற்காலியை ஊன்றட்டும். கீழிருக்கும் என் கை முன்னே வழிகாட்டும், தூக்காது.

கை விறைத்தால் விட்டுவிட்டு விலகுங்கள். கால் மணி நேரம் கழித்து, மறுபடி ஆறடியிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு நீங்கள் புது ஆள். நனைந்த துணியோடு நாளெல்லாம் விடமுடியாது, தோல் புண்ணாகும். ஆனால் கால் மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. இரண்டாம் தடவையும் முடியாவிட்டால் வேறு ஆள் போகட்டும், சிலநேரம் முகம் மாறினாலே போதும்.

மூன்று பேர் சுற்றி நிற்பது

ஒருவர் பேசட்டும். மற்றவர்கள் அடுக்களைக்குப் போங்கள்.

டி.வி.யை அணைக்காமல் பேசத் தொடங்குவது

அணையுங்கள்.

நேற்றுவரை தெரிந்தவருக்கு இன்று தெரியாவிட்டால்

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இறங்கும். ஒன்றிரண்டு நாளில் ஆளை மறந்து, நேரத்துக்கு ஒருவிதமாக, ஒருபொழுது தூக்கக் கலக்கமும் ஒருபொழுது படபடப்புமாக இருந்தால், அது பெரும்பாலும் வேறு ஏதோ. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, விழுந்ததை யாரும் கவனிக்காதது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் கிருமித் தொற்று இருக்கும். "முத்திப்போச்சு, இனி இப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். எந்த நாள், எந்த நேரத்திலிருந்து மாறினார், கடைசியாக எப்போது மலம் போனார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று ஒரு தாளில் எழுதி, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.